வெளிநாட்டுச் சப்ளையருக்கு முன்பணம் அனுப்பும் முன்: புரொஃபார்மா இன்வாய்ஸும் வங்கி விவரமும் கேட்டுப் பெறும் முறை

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் முதல்முறையாகச் சரக்கு வாங்குகிறவர், விலை பேசி முடித்த நாளுக்கும் முன்பணம் அனுப்பும் நாளுக்கும் இடையில் செய்ய வேண்டிய வேலைகளை இந்தக் கட்டுரை விளக்குகிறது. இந்த இடைவெளி பெரும்பாலும் சில நாட்கள்தான். பணம் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கணக்கில் போய்ச் சேர்வதும், பேசிய தரம் ஒன்றாகவும் வந்த தரம் வேறாகவும் இருக்கையில் எடுத்துக் காட்டத் தாள் இல்லாமல் நிற்பதும், அந்தச் சில நாட்களில் செய்யாமல் விட்ட வேலைகளின் விளைவாகவே பெரும்பாலும் நேர்கின்றன.

விளக்கம் எளிதாக இருக்க, ஒரே ஓர் ஆர்டரைக் கடைசி வரை தொடர்ந்து பார்ப்போம். சீனாவில் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் எவர்சில்வர் கதவுக் கீல்கள் 5,000 ஜோடி, ஜோடி 1.60 அமெரிக்க டாலர் என்று பேசி முடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,000 டாலர். 30 சதவீதம் முன்பணம், அதாவது 2,400 டாலர். மீதி 5,600 டாலர் சரக்கு கப்பலேறும் சமயத்தில். இந்தத் துறையில் மிகவும் வழக்கமான ஏற்பாடு இதுதான்.

புரொஃபார்மா இன்வாய்ஸ் எதற்கு?

கொட்டேஷன் என்பது விலையைச் சொல்லும் தாள். அது பத்துப் பேருக்கு ஒரே நாளில் போயிருக்கலாம். பேச்சுவழக்கில் பி.ஐ. என்று சுருக்கிச் சொல்லும் புரொஃபார்மா இன்வாய்ஸ் அப்படிப்பட்டதன்று. இன்னாருக்கு, இந்தச் சரக்கை, இவ்வளவு எண்ணிக்கையில், இந்த விலைக்கு, இந்த நிபந்தனைகளின்படி அனுப்புவேன் என்று விற்பவர் எழுதித் தரும் தாள் அது. சரக்கு புறப்படும்போது வரும் கமர்ஷியல் இன்வாய்ஸ் வேறு. சுங்கத்தில் இறக்குமதிக் கணக்குக்குச் செல்வது அதுதான். ஆனால் முன்பணம் போகும் நாளில் கமர்ஷியல் இன்வாய்ஸ் பிறந்தே இருக்காது. எனவே எந்தச் சரக்குக்காக இந்தப் பணம் வெளிநாடு செல்கிறது என்று உங்கள் வங்கி கேட்டால் நீங்கள் கொடுக்கப் போவது பி.ஐ.யைத்தான். நாளைக்குத் தகராறு வந்தால் இருவரும் பிரித்துப் பார்க்கப் போவதும் அதையே.

பேச்சில் முடிந்தவற்றை அரட்டைச் செயலியில் விட்டுவைத்து, "மொத்தத் தொகையை மட்டும் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்" என்று புதியவர்கள் அவசரப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். பி.ஐ. கேட்டால் விற்பவர் தவறாக நினைப்பாரோ என்ற தயக்கம் சிலருக்கு இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. ஏற்றுமதி செய்கிற எந்த நிறுவனத்துக்கும் இது அன்றாட வேலை. கேட்ட அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். நாட்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டு பணத்தை மட்டும் விரைவாகக் கேட்கிறவரிடம்தான் சந்தேகம் வர வேண்டும்.

கேட்கும் கடிதம்

"பி.ஐ. அனுப்பவும்" என்று ஒரே வரியில் கேட்டால், அவர்களிடம் இருக்கும் பழைய அச்சில் உங்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். தேவையானவற்றை நீங்களே சொல்லிக் கேட்டால்தான் அவை தாளில் ஏறும். எழுதும் மொழி எதுவாக இருந்தாலும் வாக்கியங்கள் சிறியனவாக இருக்கட்டும்; எதிரில் படிப்பவருக்கும் அது தாய்மொழியாக இருக்கப் போவதில்லை. நான் அனுப்பும் கடிதத்தின் சாரம் இது:

"நேற்று பேசியபடி 5,000 ஜோடி கீலுக்கான ஆர்டரை உறுதி செய்ய விரும்புகிறோம். கீழ்க்கண்ட விவரங்களுடன் புரொஃபார்மா இன்வாய்ஸ் அனுப்புங்கள். எண், தேதி, எத்தனை நாள் வரை செல்லும். எங்கள் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இணைப்பில் உள்ளபடி. சரக்கின் முழு வர்ணனை: 4 அங்குலம், 3 மில்லிமீட்டர் கனம், 304 தர எவர்சில்வர், மங்கல் மெருகு, திருகாணியுடன். சுங்கத்தில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். கோடு, உற்பத்தியான நாடு, பேக்கிங் முறை. விலை நிபந்தனையும் துறைமுகத்தின் பெயரும். பணம் செலுத்தும் நிபந்தனை. முன்பணம் கிடைத்ததிலிருந்து எத்தனை நாளில் சரக்கு தயாராகும். உங்கள் நிறுவனத்தின் கணக்குள்ள வங்கி விவரம் முழுவதும். கையெழுத்தும் முத்திரையும் இட்டு, பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள். இத்துடன் உங்கள் வணிகப் பதிவுச் சான்றின் நகலும் வேண்டும்."

இந்தக் கடிதத்தில் இருக்கும் வர்ணனை வரியைக் கவனியுங்கள். "எவர்சில்வர் கீல்" என்று மட்டும் பி.ஐ.யில் இருந்தால், 201 தரத்தில் செய்து அனுப்பினாலும் விற்பவர் சொன்ன சொல் தவறியவர் ஆகமாட்டார். 201 தரத்தில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு, ஈரம் படும் இடத்தில் எளிதில் துருப்பிடிக்கும். கண்ணால் பார்த்து 304-இலிருந்து பிரித்தறிய முடியாது. நீங்கள் விலை பேசியது 304-க்கு என்பதை நிரூபிக்கும் ஒரே சாட்சி அந்தத் தாளில் இருக்கும் மூன்று இலக்கங்கள்தான். உங்கள் சரக்கு எதுவாக இருந்தாலும், விலையைத் தீர்மானிக்கிற அந்த ஒரு தன்மை எது என்று யோசித்து அதை எண்ணாகவோ தரப்பெயராகவோ எழுதச் செய்யுங்கள். மாதிரி பார்த்து ஒப்புக்கொண்டிருந்தால், இன்ன தேதியில் அனுப்பிய மாதிரியின்படி என்ற வரியும் சேரட்டும்.

வந்த பி.ஐ.யைப் படித்தல்

முதலில் பெருக்கிப் பாருங்கள். 5,000 பெருக்கல் 1.60 என்பது 8,000. அதில் 30 சதவீதம் 2,400. சிறிய வேலைதான், ஆனால் பழைய அச்சில் எண்களை மாற்றித் தட்டும்போது மொத்தம் மாறாமல் நின்றுவிடுவது உண்டு. நாணயத்தின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். டாலர் குறி மட்டும் போதாது. டாலர் என்ற பெயரில் பல நாடுகளின் நாணயங்கள் இருக்கின்றன. `USD` என்று மூன்றெழுத்தில் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்தது விலை நிபந்தனை. `FOB Shanghai` என்று இருந்தால், ஷாங்காய் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு விற்பவருடையது. அதற்குப் பிந்தைய கப்பல் கட்டணமும் காப்பீடும் உங்களுடையவை. `CIF` என்று இருந்து உங்கள் பக்கத்துத் துறைமுகத்தின் பெயர் வந்தால், அந்தத் துறைமுகம் வரையிலான கப்பல் கட்டணமும் காப்பீடும் அந்த விலைக்குள் அடக்கம். `EXW` என்றால் தொழிற்சாலை வாசலிலிருந்தே செலவு உங்கள் தலையில். ஜோடி 1.60 என்ற விலை இந்த மூன்றில் எதற்கு என்பது தெரியாமல் இரண்டு சப்ளையர்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. மூன்றெழுத்துக்குப் பக்கத்தில் இடத்தின் பெயர் இல்லாவிட்டால் அந்த நிபந்தனை அரைகுறையானது. திருப்பி அனுப்பி இடப்பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பணம் செலுத்தும் நிபந்தனையில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். "30 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு அனுப்பும் முன்" என்பதும், "30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலைக் கண்டதும்" என்பதும் கேட்க ஒன்றுபோல இருக்கும். முதலாவதில், 5,600 டாலரை அனுப்பும்போது சரக்கு இன்னும் தொழிற்சாலையில்தான் இருக்கும்; அது தயாராகிவிட்டது என்பதற்கு விற்பவர் அனுப்பும் புகைப்படங்கள்தாம் ஆதாரம். இரண்டாவதில், கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகல் உங்கள் கையில் இருக்கும். அசல் பத்திரம் விற்பவரிடம் இருப்பதால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. வாங்குபவருக்கு இரண்டாவதே நல்லது. முதல் ஆர்டருக்குச் சில விற்பவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அப்படியானால், மீதியை அனுப்பும் முன் மூன்றாம் தரப்புப் பரிசோதனை நிறுவனம் ஒன்று சரக்கைப் பார்த்து அறிக்கை தர அனுமதி உண்டு என்ற வரியையாவது கேட்டு வாங்குங்கள்.

சரக்கு தயாராகும் காலம் "முன்பணம் கிடைத்த 30 நாளில்" என்று இருந்தால், நாள் எண்ணிக்கை நீங்கள் அனுப்பிய தேதியிலிருந்து தொடங்காது. பணம் அவர்கள் கணக்கில் ஏறிய தேதிதான் முதல் நாள். இதை நினைவில் வையுங்கள். கடைசிப் படியில் மீண்டும் தேவைப்படும்.

வங்கி விவரப் பகுதி

பி.ஐ.யின் அடியில் பெட்டி போட்டு வங்கி விவரம் இருக்கும். அதில் கணக்கு வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும், கணக்கு எண், வங்கியின் பெயர், கிளை முகவரி, ஸ்விஃப்ட் கோடு ஆகியவை இருந்தாக வேண்டும். சில சமயம், பணம் வழியில் கடந்து செல்லும் இடைநிலை வங்கி ஒன்றின் பெயரும் இருக்கும். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் கணக்கு எண்ணுக்குப் பதிலாக ஐபான் என்ற நீண்ட எண் வரும். சீனாவிலும் அமெரிக்காவிலும் ஐபான் முறை இல்லை. ஆகவே நம் கீல் விற்பவரின் விவரத்தில் ஐபான் இல்லாதது இயல்பே. சீனக் கணக்கு என்று சொல்லி ஐபான் கொடுத்திருந்தால்தான் எச்சரிக்கையாக வேண்டும்.

ஸ்விஃப்ட் கோடு எட்டு எழுத்துகளாகவோ பதினொன்றாகவோ இருக்கும். எடுத்துக்காட்டாக `DEUTDEFF` என்பதைப் பாருங்கள். முதல் நான்கெழுத்து வங்கியைக் குறிக்கிறது. அடுத்த இரண்டு, `DE`, நாட்டைக் குறிக்கிறது, இங்கே ஜெர்மனி. அதற்கடுத்த இரண்டு ஊரைக் குறிக்கின்றன. மேலும் மூன்று எழுத்துகள் இருந்தால் அவை கிளையைக் குறிக்கும். நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது ஐந்தாவது, ஆறாவது எழுத்துகளை. நம் விற்பவர் சீனாவில் இருக்கிறார், அவர் வங்கியும் சீனாவில் இருக்கிறது என்றால் அங்கே `CN` இருக்க வேண்டும். `HK` இருந்தால் கணக்கு ஹாங்காங்கில் உள்ளது. இது மட்டுமே மோசடிக்கு அடையாளம் ஆகாது. சீன ஏற்றுமதியாளர் பலர் ஹாங்காங்கில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் சீனாவும் ஹாங்காங்கும் அல்லாமல், பேச்சில் ஒரு முறைகூட வராத மூன்றாம் நாட்டின் எழுத்துகள் அங்கே இருந்தால் அதற்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும்.

மூன்று பெயர்களும் ஒன்றா?

இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான படி இதுதான். மேசையில் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: வணிகப் பதிவுச் சான்று, பி.ஐ.யின் தலைப்பு, வங்கி விவரப் பெட்டி. மூன்றிலும் உள்ள நிறுவனப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தலைப்பில் "இன்னார் உலோகத் தொழிற்சாலை" என்றும், கணக்கில் "இன்னார் வர்த்தக நிறுவனம்" என்றும் இருந்தால் அவை இரண்டு நிறுவனங்கள். ஒருவருக்கே சொந்தமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சீன நிறுவனங்களிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவற்றின் சட்டப்படியான பெயர் சீன எழுத்தில்தான் இருக்கும். ஆங்கிலப் பெயர் அவர்கள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு. ஆகவே ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. பதிவுச் சான்றில் இலக்கங்களும் எழுத்துகளும் கலந்த, 18 குறிகள் கொண்ட குறியீடு ஒன்று இருக்கும். அந்த நிறுவனத்துக்கே உரிய அடையாள எண் அது. அதைக் கொண்டு அரசின் பொதுப் பதிவேட்டில் தேடினால் நிறுவனம் இயங்குகிறதா, எப்போது பதிவானது என்பதெல்லாம் தெரியும். பி.ஐ.யில் சீனப் பெயரையும் அந்தக் குறியீட்டையும் அச்சிடச் சொல்லிக் கேட்கலாம். உண்மையான நிறுவனத்துக்கு அதில் சிரமம் எதுவும் இல்லை.

பெயர் வேறுபட்டால் கேளுங்கள். "எங்கள் ஏற்றுமதியை இந்தத் துணை நிறுவனம் பார்க்கிறது" என்று பதில் வந்தால், அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் பெயரிலேயே புதிய பி.ஐ. கேளுங்கள், இரண்டு நிறுவனங்களுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லி, இந்த ஆர்டருக்கான பொறுப்பு இருவருக்கும் உண்டு என்று தயாரிப்பாளர் முத்திரையுடன் எழுதிய கடிதமும் கேளுங்கள். பி.ஐ. ஒருவர் பெயரிலும் பணம் இன்னொருவர் பெயரிலும் போவதை உங்கள் வங்கியே ஏற்காமல் திருப்பலாம்.

கணக்கு ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தால் என் பதில் ஒன்றுதான்: அனுப்ப வேண்டாம். மேலாளர் என்பார்கள், முதலாளியின் மனைவி என்பார்கள், வரி மிச்சமாகும் என்பார்கள். நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்குத் தனி மனிதரிடம் பணம் கொடுத்தால், அந்த நிறுவனம் பணம் பெற்றது என்று நாளைக்கு உங்களால் நிறுவ முடியாது.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்கலாம். தவறான பெயருக்கு அனுப்பினால் வங்கியே நிறுத்திவிடாதா? நிறுத்தும் என்று நம்பியிருக்க முடியாது. எல்லை கடந்து செல்லும் பணத்தில், கணக்கு எண் சரியாக இருந்தால் பெயரைத் தீவிரமாக ஒப்பிடாமலேயே வரவு வைக்கும் வங்கிகள் இருக்கின்றன. நீங்கள் படிவத்தில் விற்பவரின் பெயரைச் சரியாக எழுதியிருந்தாலும், எண் வேறொருவருடையதாக இருந்தால் பணம் அந்த எண்ணின் பின்னால் போகும்.

குரலால் உறுதி செய்தல்

பெயர்கள் ஒன்றி வந்த பின்பும் ஒரு படி மீதி இருக்கிறது. உங்களுக்கு வந்த தாள் உண்மையில் அவர்கள் அனுப்பியதுதானா? மின்னஞ்சல் பெட்டிக்குள் நுழைந்து, இருவரும் பேசுவதை வாரக்கணக்கில் ஓசையின்றிப் படித்துக்கொண்டிருந்து, முன்பணம் போகும் நேரம் பார்த்து வங்கி விவரத்தை மட்டும் மாற்றும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. அந்தத் தாளில் சரக்கு சரியாக இருக்கும், விலை சரியாக இருக்கும், முத்திரைகூட அசலாக இருக்கும். கணக்கு எண் மட்டும் மோசடிக்காரருடையது.

எனவே வங்கி விவரத்தை வேறொரு வழியில் உறுதி செய்யுங்கள். தொலைபேசியிலோ காணொளி அழைப்பிலோ பேசுங்கள். அழைக்கும் எண் அந்த மின்னஞ்சலின் அடியிலிருந்தோ அந்த பி.ஐ.யிலிருந்தோ எடுத்ததாக இருக்கக் கூடாது. விலை பேசத் தொடங்கிய நாட்களில் நீங்கள் பேசிய எண்ணாகவோ, அவர்களின் இணையதளத்தில் நீங்களே தேடி எடுத்த எண்ணாகவோ இருக்க வேண்டும். பேசும்போது எண்ணை நீங்கள் வாசித்து "சரிதானே?" என்று கேட்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர், மொழி முழுவதும் புரியாதவர், எல்லாரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். கணக்கு எண்ணை அவர்களை வாசிக்கச் சொல்லி, உங்கள் கையிலுள்ள தாளோடு நீங்கள் ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை இது. முடிந்ததும் தேதி, நேரம், பேசியவர் பெயர் ஆகியவற்றை பி.ஐ.யின் ஓரத்திலேயே குறித்து வைப்பது என் பழக்கம்.

"எங்கள் கணக்கு மாறிவிட்டது"

எல்லாம் முடிந்து வங்கிக்குப் புறப்படும் வேளையில் ஒரு கடிதம் வரலாம். ஒரு முறை எனக்கும் வந்தது. அதில், ஆண்டுத் தணிக்கை நடப்பதால் வழக்கமான கணக்கில் இப்போது பணம் பெற முடியவில்லை என்றும், இணைப்பில் உள்ள புதிய பி.ஐ.யின்படி இன்றே அனுப்பினால் உற்பத்தியில் இடம் பிடிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. எங்கள் ஆர்டர் எண் சரி. என்னோடு பேசும் பெண்ணின் பெயரும் அவர் கடிதத்தை முடிக்கும் விதமும் சரி. பழைய பி.ஐ.யையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கியபோதுதான் வங்கிப் பெட்டிக்குள் இருந்த எழுத்துகள் மற்ற எழுத்துகளைவிடச் சற்றே பருமனாக இருப்பது தெரிந்தது. பிறகு அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். `metal` என்று இருக்க வேண்டிய இடத்தில் `rnetal` என்று இருந்தது. `r`-உம் `n`-உம் ஒட்டி நின்றால் கண்ணுக்கு `m` போலவே தோன்றுகிறது. பழைய எண்ணில் அழைத்தேன். அப்படிக் கடிதம் எதுவும் அனுப்பவில்லை என்றார் அந்தப் பெண்.

அன்று முகவரி காட்டிக்கொடுத்தது. எப்போதும் அப்படி அமையாது. விற்பவரின் அசல் மின்னஞ்சல் பெட்டியையே மோசடிக்காரர் பயன்படுத்தினால் முகவரியில் ஒரு புள்ளிகூடப் பிசகாது; பதில் போட்டுக் கேட்டாலும் மோசடிக்காரரே "ஆம், மாறிவிட்டது" என்று பதில் எழுதுவார். ஆகவே விதியை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள்: வங்கி விவரம் மாறியதாக வரும் எந்தச் செய்திக்கும், அது எவ்வளவு நம்பகமாகத் தோன்றினாலும், குரலால் உறுதி செய்யாமல் பணம் இல்லை. இதை முதல் பி.ஐ.யிலேயே ஒரு வரியாக எழுதச் செய்வது இன்னும் நல்லது: "இந்த வங்கி விவரத்தில் எந்த மாற்றமும், இன்ன தொலைபேசி எண்ணில் வாங்குபவரே பேசி உறுதி செய்த பின்னரே செல்லும்." விற்பவருக்கும் இது பாதுகாப்புதான், தம் பணம் திசைமாறிப் போவதை அவரும் விரும்பமாட்டார்.

பணம் அனுப்பும் நாள்

பி.ஐ.யில் நீங்களும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை விற்பவருக்கு அனுப்பிய பின் வங்கிக்குச் செல்லுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப உங்கள் நாட்டின் விதிகள் என்னென்ன தாள்களைக் கேட்கின்றன என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். படிவத்தில் கணக்கு எண்ணை பி.டி.எஃப். கோப்பிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினாலும், ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கட்டும். செலுத்தும் காரணம் எழுதும் இடத்தில் பி.ஐ. எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். விற்பவரின் கணக்குப் பிரிவு எந்த ஆர்டருக்கான பணம் என்று கண்டுகொள்வது அதைப் பார்த்துத்தான்.

வங்கிக் கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவம் கேட்கும். `OUR` என்றால் வழியில் உள்ள வங்கிகளின் கட்டணமும் உங்களுடையது. `SHA` என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, மற்றவை பெறுபவருக்கு. `BEN` என்றால் எல்லாம் பெறுபவருக்கு. `SHA` போட்டு 2,400 டாலர் அனுப்பினால், இடைநிலை வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு 2,375 என்று போய்ச் சேரலாம். "முன்பணம் முழுமையாக வரவில்லை, 25 டாலர் குறைகிறது" என்று விற்பவர் உற்பத்தியைத் தொடங்காமல் காத்திருந்த கதைகள் உண்டு. கட்டணம் யாருடையது என்பதை பி.ஐ. கேட்கும்போதே பேசி எழுதிவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

பணம் சென்றதும் வங்கியிடம் பரிமாற்றச் செய்தியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வழக்கில் இன்னும் `MT103` நகல் என்றே கேட்கிறார்கள். அதில் `UETR` என்ற 36 குறிகள் கொண்ட ஓர் எண் இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அந்த எண்ணைக் கொண்டு இரு தரப்பு வங்கிகளும் தேடிப் பார்க்க முடியும். தவறான கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிய வந்தால் விற்பவரோடு வாக்குவாதம் செய்வதில் நேரம் போக்காமல், அந்த நிமிடமே உங்கள் வங்கியை அழைத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். கூடவே காவல்துறையிலும் புகார் கொடுங்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து வேறிடத்துக்கு நகர்வதற்குள் கோரிக்கை போய்ச் சேர்ந்தால்தான் பயன். ஒரு நாள் தாமதமே பல சமயம் அதிகம்.

இந்த முறையின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன படிகள் எல்லாம் பணம் சரியான நிறுவனத்துக்குப் போகிறது என்பதையும், எதற்காகப் போகிறது என்பதற்குத் தாள் இருக்கிறது என்பதையும் உறுதி செய்கின்றன. பணத்தைப் பெற்ற உண்மையான நிறுவனமே சரக்கை அனுப்பாமல் விட்டால் இவை தடுக்காது. 2,400 டாலருக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம். தொகை அதைப்போலப் பல மடங்கு என்றால், முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு விற்பவரின் வங்கி கொடுக்கும் உத்தரவாதத்தையோ, முன்பணமே இல்லாமல், சரக்கு அனுப்பியதற்கான தாள்களைக் காட்டினால் வங்கி பணம் கொடுக்கும் லெட்டர் ஆஃப் கிரெடிட் முறையையோ பேசுங்கள். அவற்றுக்கும் கட்டணம் உண்டு. சிறிய ஆர்டருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கடைசியாக ஒரு வேலை. பரிமாற்றச் செய்தியின் நகலை விற்பவருக்கு அனுப்பி, பணம் கணக்கில் ஏறியதும் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு எழுதி உறுதி செய்யச் சொல்லுங்கள். "2,400 டாலர் இன்ன தேதியில் கிடைத்தது, 30 நாள் கணக்கு அன்றிலிருந்து தொடங்குகிறது, சரக்கு இன்ன தேதிக்குள் தயாராகும்" என்ற பதில் கைக்கு வந்ததும் அதை பி.ஐ.யோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். அந்தத் தேதியை உங்கள் நாட்காட்டியிலும், அதற்குப் பத்து நாள் முன்னதாக ஒரு நினைவூட்டலையும் குறித்துக்கொள்ளுங்கள்.